இருமுறை தள்ளிப்போன அப்ரைசலுக்கு மூன்றாவது தேதி

அப்ரைசல் சந்திப்புக்குத் தேதி குறித்த நாளிலிருந்தே பணியாளரின் தயாரிப்பு தொடங்கிவிடுகிறது. ஓராண்டில் செய்த வேலையை நினைவுகூர்ந்து சுயமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புகிறார். எதைச் சொல்வது, எதைக் கேட்பது, எதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறார். மேலாளரின் நாட்காட்டியில் அது அரைமணி நேர வேலை. பணியாளருக்கோ ஓராண்டு உழைப்பைப் பற்றி ஒருவர் நேருக்கு நேர் பேசும் ஒரே நாள். முதல் முறை தள்ளிப்போனால் பெரும்பாலானோர் பொறுத்துக்கொள்கிறார்கள், அலுவலகத்தில் இது சகஜம். இரண்டாவது முறையும் தள்ளிப்போனால் கேள்வியே மாறிவிடுகிறது. ‘எப்போது பேசுவார்?’ என்று காத்திருந்தவர், ‘ஏன் பேச மாட்டேன் என்கிறார்?’ என்று யோசிக்கத் தொடங்குகிறார். அந்த நிலையில் மூன்றாவது தேதியை எப்படிக் குறிப்பது, குறித்த பிறகு என்ன செய்வது என்பது தனியாகக் கவனிக்க வேண்டிய வேலை.

எடுத்துக்காட்டாக, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு மதிப்பீட்டு ஆண்டு. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆறாண்டு அனுபவம் உள்ள பொறியாளர் ஒருவர் ஏப்ரல் 15-ஆம் தேதி சுயமதிப்பீட்டைப் பதிவேற்றுகிறார். ஐந்துக்கு நான்கு என்று தனக்குத் தானே ரேட்டிங் கொடுத்திருக்கிறார். ஏப்ரல் 24-ஆம் தேதி மேலாளருடன் சந்திப்பு. அன்று வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து திடீர் ஆடிட் வருகிறது, சந்திப்பு மே 8-க்கு மாறுகிறது. மே 8 மாலை நான்கு மணிக்குப் பேச வேண்டும். மூன்றே முக்கால் மணிக்கு அவர் கணினியில் ஓர் அறிவிப்பு: சந்திப்பு ரத்து, புதிய நேரம் பிறகு தெரிவிக்கப்படும். பிளான்ட் ஹெட் அவசரமாகக் கூப்பிட்டதுதான் காரணம். ஆனால் அறிவிப்பில் காரணம் இல்லை, புதிய தேதியும் இல்லை. பக்கத்து மேசைக்காரருக்கு அப்ரைசல் முடிந்து ஒரு வாரம் ஆகிறது.

அடுத்த சில நாட்களில் அந்தப் பொறியாளரின் மனத்தில் ஓடுவதை ஊகிப்பது கடினமல்ல. ரேட்டிங்கைக் குறைத்துவிட்டு முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்குகிறாரோ? மே 2-ஆம் தேதி வந்த வாடிக்கையாளர் புகாருக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ? ஆள் குறைப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதோ? மேலாளர் எதுவும் சொல்லாத இடத்தைப் பணியாளர் தன் அச்சத்தால் நிரப்பிக்கொள்கிறார். இதை மனப்பலவீனம் என்று தள்ளிவிட முடியாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். கணினி விளையாட்டு ஒன்றில் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க வேண்டும், பாம்பு இருந்தால் கையில் லேசான மின்னதிர்ச்சி கிடைக்கும். வியர்வையையும் கண்பாவை விரிவையும் அளந்து பார்த்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தவர்களைவிட, கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்பில் இருந்தவர்கள்தான் அதிகப் பதற்றத்தில் இருந்தார்கள். கெட்ட செய்தி என்று தெரிந்துவிட்டால்கூட மனம் ஓரளவு தயாராகிவிடும். எதுவென்று தெரியாமல் காத்திருப்பதுதான் ஆளை அரிக்கிறது.

இங்கே எந்த நம்பிக்கை குலைந்திருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1995-இல் எழுதிய கட்டுரை, ஒருவரை நம்புவதற்கு மூன்று ஆதாரங்களைச் சொல்கிறது: அவருடைய திறமை, நம்மீது அவருக்கு இருக்கும் நல்லெண்ணம், சொன்ன சொல்லைக் காக்கும் நேர்மை. ஒரகடம் பொறியாளருக்கு மேலாளரின் திறமையில் சந்தேகமே இல்லை. ஆடிட்டை அவர் சமாளித்த விதத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆட்டம் கண்டிருப்பவை மற்ற இரண்டும்: ‘என்னை ஒரு பொருட்டாக நினைக்கிறாரா?’, ‘இவர் கொடுக்கும் தேதியை நம்பலாமா?’ அதனால் ‘எனக்கு எவ்வளவு வேலை தெரியுமா’ என்று மேலாளர் விளக்கினால் அது காதில் ஏறாது. யாரும் கேட்காத கேள்விக்கு அது பதில். வேலை மிகுதியைச் சொல்லச் சொல்ல, அந்த வேலைகளுக்கெல்லாம் கீழேதான் தன் சந்திப்பு இருந்தது என்பதே பணியாளருக்கு உறுதியாகிறது.

ஆகவே மூன்றாவது தேதியைக் கேட்டுப் பேசுவதற்கு முன்பே மேலாளர் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை உண்டு. பலர் தவறவிடுவது இதைத்தான். சந்திப்பு தள்ளிப்போன நாட்களில் நிறுவனத்தின் அப்ரைசல் சக்கரம் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டேதான் இருந்தது. பல நிறுவனங்களில் மேலாளர்கள் கொடுத்த ரேட்டிங்குகளை மொத்தமாக வைத்துக்கொண்டு துறைத் தலைவர்களும் ஹெச்.ஆரும் உட்கார்ந்து சமன்செய்வார்கள். நார்மலைசேஷன் என்றும், அதில் பயன்படும் விகிதத்தைப் பெல் கர்வ் என்றும் அலுவலகங்களில் சொல்கிறார்கள். உயர்ந்த ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்புக்குள் எல்லோரையும் கொண்டுவரும் கூட்டம் அது. ஒரகடம் தொழிற்சாலையில் அது மே 15-ஆம் தேதி நடந்து முடிந்துவிட்டது. மேலாளர் நான்கு என்று முன்மொழிந்தார், கூட்டத்தில் மூன்றாகக் குறைந்தது. ஏன் நான்கு என்று கேட்டபோது கையில் போதிய விவரம் இல்லாமல் அவர் தடுமாறினார். ஆகஸ்டில் பிரேக் பிராக்கெட் லைனில் கோ-நோகோ கேஜ் ஒன்றை வைத்து அந்தப் பொறியாளர் ரீவொர்க்கைக் குறைத்த விவரம் சுயமதிப்பீட்டில் இரண்டு பத்தியாக இருந்தது. சந்திப்புக்கு முன் படிக்கலாம் என்று மேலாளர் அதைத் தள்ளி வைத்திருந்தார். சந்திப்பு நடக்கவில்லை, படிவமும் படிக்கப்படவில்லை.

தள்ளிவைப்பின் மெய்யான சேதம் இதுதான். பணியாளரின் மனவருத்தம் ஒரு பக்கம் இருக்க, அவருடைய தரப்பு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதை, ஆட்சேபிக்க வழி இருக்கும்போதே ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கருத்து அரசுப் பணிகளில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்ற அதிகாரிக்கு 1993-94 ஆண்டின் ரகசிய அறிக்கையில் ‘நன்று’ என்று பதிவாகியிருந்தது. பாதகமான பதிவு அல்ல என்பதால் அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. பதவி உயர்வுக்கோ ஐந்தாண்டுகளும் ‘மிக நன்று’ வேண்டியிருந்தது, வாய்ப்பு கைநழுவியது. எந்தப் பதிவாக இருந்தாலும் நியாயமான காலத்துக்குள் அரசு ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், அதை எதிர்த்து முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு, அறிக்கையைப் பெற்ற ஊழியர் முறையிட 15 நாள் அவகாசம் என்று விதித்தது. தனியார் நிறுவனத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் நியாயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: திருத்த முடிகிற காலத்தில் தெரிய வேண்டும்.

எனவே புதிய தேதி கேட்பதற்கு முன் மேலாளர் ஹெச்.ஆருக்கு ஒரு போன் செய்து மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ரேட்டிங் இறுதியாகிவிட்டதா? திருத்தக் கோரிக்கை கொடுக்க வழி இருக்கிறதா, கடைசி நாள் எது? ஊதிய உயர்வு எந்த மாதச் சம்பளத்தில் வரும்? இந்தத் தொழிற்சாலையில் ஹெச்.ஆர். சொன்ன பதில்: ரேட்டிங் பதிவாகிவிட்டது, ஆதாரத்துடன் மே 30 வரை திருத்தம் கோரலாம், உயர்வு ஏப்ரல் 1 முதல் கணக்கிடப்பட்டு ஜூலைச் சம்பளத்தில் அரியருடன் வரும். இந்த மூன்று பதிலும் கையில் இல்லாமல் பணியாளரிடம் போனால், அவர் கேட்கும் முதல் கேள்விக்கே ‘விசாரித்துச் சொல்கிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டிவரும். இரண்டு முறை காக்கவைத்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரக்கூடாது. மே 30 என்ற தேதி தெரிந்த பிறகு இன்னொன்றும் தெளிவாகிறது: மூன்றாவது சந்திப்பு அதற்குச் சில நாட்கள் முன்பே நடந்தாக வேண்டும். ஜூன் மாதத்தில் நிதானமாகப் பேசலாம் என்று மேலாளர் நினைத்திருந்தால், அந்த நிதானம் பணியாளரின் முறையீட்டு வாய்ப்பையே மூடியிருக்கும்.

அடுத்தது தேதியைப் பேசுவது. இரண்டாவது ரத்து கணினி அறிவிப்பாக வந்தது, மூன்றாவது அழைப்பும் அப்படியே வரக்கூடாது. மேலாளரே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வேறு ஊர்க் கிளையில் இருப்பவர் என்றால் போனில் பேச வேண்டும். மற்றவர்கள் காதில் விழாத இடமாக இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் போதும். மே 19 காலை அந்த மேலாளர் பேசியது ஏறக்குறைய இப்படி இருந்தால் சரி:

“ரெண்டு தடவை தள்ளிப் போனதுக்கு நான்தான் பொறுப்பு. ஆடிட் அன்னைக்கு வேற வழியில்ல. எட்டாம் தேதி பிளான்ட் ஹெட்கிட்ட அரைமணி நேரம் கேட்டிருக்கலாம், கேட்கல. உங்ககிட்ட நேர்ல சொல்லாம கேன்சல் பண்ணதும் தப்பு. இதுக்கும் உங்க வேலைக்கும், மே மாசம் வந்த கம்ப்ளைன்டுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னொரு விஷயம் இப்பவே சொல்லிடறேன். பதினஞ்சாம் தேதி நார்மலைசேஷன் முடிஞ்சிடுச்சு, உங்களுக்கு மூணுன்னு பதிவாயிருக்கு. முப்பதாம் தேதி வரைக்கும் திருத்தம் கேட்கலாம். அதுக்கு முன்னாடி நாம உட்காரணும்.”

“மூணா சார்?”

“ஆமா. நான் நாலுன்னு சொன்னேன். ஆனா அங்க எடுத்துச் சொல்ல எங்கிட்ட விவரம் பத்தல. உங்க படிவத்தை முழுசாப் படிக்காம போனது என் தப்பு. இப்பப் படிச்சிட்டேன். இருபத்தொண்ணு காலைல பதினோரு மணி, இருபத்திரண்டு மதியம் மூணு மணி, இருபத்திமூணு காலைல ஒன்பதரை. எது உங்களுக்கு வசதி?”

“இருபத்திரண்டு சார். ஒன்பதரைக்கு புரொடக்‌ஷன் மீட்டிங் இருக்கும்.”

இந்தப் பேச்சில் மன்னிப்பு இரண்டு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. எது தன் கையை மீறியது, எது தன் தவறு என்று மேலாளர் பிரித்துச் சொல்கிறார். இரண்டையும் கலந்து ‘சூழ்நிலை அப்படி’ என்றால் அது சாக்காகவே கேட்கும். பணியாளரின் மனத்தில் இருக்கக்கூடிய பெரிய அச்சத்தை, அவர் கேட்காமலே பெயர் சொல்லி நீக்குகிறார். கெட்ட செய்தியைச் சந்திப்பு வரை மூடிவைக்கவில்லை. ரேட்டிங்கை முன்கூட்டியே சொல்வது சரியா என்பதில் மேலாளர்களிடையே இரு கருத்து உண்டு. சில நிறுவனங்களில் கடிதம் வரும்வரை சொல்லவே கூடாது என்று விதி இருக்கிறது. அங்கே ‘முடிவு ஒன்று பதிவாகியிருக்கிறது, எண்ணை இப்போது சொல்ல எனக்கு அனுமதி இல்லை, உங்கள் தரப்பைச் சேர்க்க முப்பதாம் தேதி வரை வழி இருக்கிறது’ என்றாவது சொல்லலாம். செய்யவே கூடாதது ஒன்றுண்டு: எல்லாம் முடிந்த பிறகும் முடிவு இனிமேல்தான் எடுக்கப்படும் என்பதுபோல் நடந்துகொள்வது. நார்மலைசேஷன் எந்தத் தேதியில் நடந்தது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

விளக்கம் தருவதால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு, ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு பொருத்தமான பதில். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், உதிரிபாகம் செய்யும் ஒரே நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் அது நடந்தது. ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போனதால் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதச் சம்பளக் குறைப்பு. ஒன்றில் நிர்வாகம் தொழிலாளர்களைக் கூட்டி, கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னது. மற்றொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுக் கலைந்தார்கள். குறைப்பு அமலில் இருந்த காலத்தில் இரண்டு இடத்திலும் பொருள் களவு கூடியது. ஆனால் முறையாக விளக்கம் தந்த இடத்தில் அது கணிசமாகக் குறைவாக இருந்தது. வெட்டப்பட்ட சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இந்த ஆய்வில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விளக்கம் தந்த இடத்திலும் களவு அடியோடு நிற்கவில்லை. விளக்கம் இழப்பை ஈடுகட்டாது, இழப்பின் மேல் அவமதிப்பு சேராமல் காக்கும். மேலாளர் அதிலிருந்து அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும்.

நேரத்தைப் பணியாளர் தேர்ந்தெடுப்பதும் காரணத்தோடுதான். முதல் இரண்டு தேதிகளையும் வைத்தவர் மேலாளர், எடுத்தவரும் அவரே. மூன்றாவதில் பணியாளர் கைக்குக் கொஞ்சம் அதிகாரம் போக வேண்டும். ஆனால் ‘உங்களுக்கு எப்போது வசதியோ சொல்லுங்கள்’ என்று முழுவதும் அவரிடமே விட்டுவிடுவது வசதி போலத் தோன்றும் சுமை. மேலாளரின் நாட்காட்டியில் இடம் தேடும் வேலை அவர் தலையில் விழும், பலர் கூச்சப்பட்டுக் கேட்காமலே விட்டுவிடுவார்கள். மேலாளர் முன்பே உறுதிசெய்துகொண்ட மூன்று நேரங்களில் ஒன்றைக் கேட்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

தேர்ந்த நேரத்தைக் காப்பது அடுத்த வேலை, அதைச் சந்திப்புக்கு முந்தின நாட்களிலேயே செய்தாக வேண்டும். மேலாளர் தன் மேலதிகாரியிடம், ‘22-ஆம் தேதி மூன்று முதல் நான்கு வரை நான் கிடைக்க மாட்டேன், இரண்டு முறை தள்ளிப்போன அப்ரைசல்’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மே 8-ஆம் தேதி நடந்த ரத்துக்கு வேர் அங்கேதான் இருந்தது, மேலே சொல்லாமல் கீழே மட்டும் உறுதி கொடுத்தால் அதே கதை மறுபடி நடக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் லைன் நின்றால் யார் முடிவெடுப்பது என்று ஒருவரை நியமித்துவைக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் விபத்து போன்ற தவிர்க்க முடியாத ஒன்று குறுக்கிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவைக்கலாம்: அன்று மாலை ஆறு மணிக்கு, அதுவும் முடியாவிட்டால் மறுநாள் காலை ஒன்பதரைக்கு, புரொடக்‌ஷன் மீட்டிங்குக்கு அவருக்குப் பதில் வேறொருவர் போவார். மாற்று நேரம் முன்பே பேசியிருந்தால், சந்திப்பு நகர்ந்தாலும் அது மூன்றாவது ரத்தாக ஆகாது. புதிய தேதி பிறகு தெரிவிக்கப்படும் என்ற வாக்கியம்தான் பணியாளரைக் கைவிடுகிறது.

இடைப்பட்ட மூன்று நாளில் மேலாளருக்குத் தயாரிப்பு இருக்கிறது. தாமதத்தால் இங்கே ஒரு தனி ஆபத்து முளைத்திருக்கிறது. ஏப்ரல் 24-இல் பேசியிருந்தால் மே 2-ஆம் தேதி புகார் பேச்சில் வந்திருக்கவே வழியில்லை. இப்போது அதுதான் மேலாளரின் நினைவில் மிகப் புதிதாக இருக்கிறது. ஆண்டு முழுவதையும் மதிப்பிடும்போது கடைசியாக நடந்தது மற்றதையெல்லாம் மறைத்துவிடுவது மனித இயல்பு, மதிப்பீட்டுத் துறையினர் இதைப் பல காலமாக எச்சரித்து வருகிறார்கள். மேலாளர் ஒரு தாளில் மார்ச் 31 என்று கோடு போட்டு, அதற்கு முன் நடந்ததை மட்டும் மாதவாரியாக எழுத வேண்டும். மின்னஞ்சல்கள், ரிஜெக்‌ஷன் அறிக்கைகள், தினசரிக் கூட்டக் குறிப்புகள் இவற்றைப் புரட்டினாலே பாதி விஷயம் திரும்ப நினைவுக்கு வரும். ஒரகடம் மேலாளரின் தாளில் ஆகஸ்ட் கேஜ் வேலை, நவம்பரில் பிளேட்டிங் சப்ளையரின் கோளாறை அந்தப் பொறியாளர் கண்டுபிடித்தது, பிப்ரவரியில் ஒரு சப்ளையர் ஆடிட் மூன்று வாரம் தாமதமானது ஆகிய மூன்றும் தேதியோடு ஏறின. குறையும் ஏற வேண்டும். தள்ளிப்போட்ட குற்ற உணர்ச்சியில் குறைகளை விழுங்கிவிடும் மேலாளர்கள் உண்டு. பணியாளர் அதை உடனே உணர்ந்துகொள்வார், பிறகு பாராட்டையும் நம்ப மாட்டார்.

சந்திப்பு அன்று மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே மேலாளர் அறையில் இருப்பது நல்லது. போன் அமைதியில் இருக்க வேண்டும், மேசைமேல் கவிழ்த்துவைப்பதைவிட வெளியே கொடுத்துவிடலாம். தாமதத்தைப் பற்றி ஒரு வரி போதும், 19-ஆம் தேதி பேசியதையே மறுபடி நீட்டக்கூடாது. மேலாளர் திரும்பத் திரும்ப வருந்தினால், ‘பரவாயில்ல சார்’ என்று அவரைத் தேற்றும் வேலை பணியாளருடையதாகிவிடும். முதலில் பேச வேண்டியவர் பணியாளர். வழக்கமான சந்திப்பில் மேலாளர் தொடங்குவதில் தவறில்லை. இரண்டு முறை வாய்ப்பு மறுக்கப்பட்டவரிடம் அந்த வரிசையை மாற்ற வேண்டும். ‘படிவத்தில் எழுதியதில் நான் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது எது?’ என்று கேட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். காத்திருந்த நாட்களைப் பற்றிக் கோபம் வந்தால் அதற்கும் அங்கே இடம் உண்டு. அதை மறுத்துப் பேசாமல், கேட்டதைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டால் போதும்.

அதன் பிறகு மேலாளரின் தாள். ஆகஸ்ட் வேலையைப் பேசும்போது பணியாளர், கேஜ் வைத்ததற்கு முந்தின மூன்று மாத ரீவொர்க் எண்ணிக்கையும் பிந்தின மூன்று மாத எண்ணிக்கையும் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். திருத்தக் கோரிக்கைக்குத் தேவையான ஆதாரம் அதுதான். பிப்ரவரித் தாமதத்தைப் பற்றிக் கேட்டபோது, வண்டி ஏற்பாடு கிடைக்காமல் இரண்டு முறை தேதி மாறியது தெரியவருகிறது. அதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று மேலாளர் சொல்கிறார், அவரும் ஒப்புக்கொள்கிறார். குறை குறையாகவே இருக்கிறது, அதன் அளவு மட்டும் சரியாகிறது. மே மாதப் புகாரைப் பணியாளரே எடுத்தால், அது அடுத்த ஆண்டுக் கணக்கு என்று தெளிவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பணப் பேச்சை இதோடு கலக்காமல் கடைசியில் தனியாக வைப்பது நல்லது. மேயர், கே, பிரெஞ்ச் ஆகியோர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நடத்திய ஆய்வை 1965-இல் எழுதினார்கள். சம்பளமும் வேலை முன்னேற்றமும் ஒரே அமர்வில் பேசப்படும்போது, குறையைச் சொன்னவுடன் பணியாளர் தற்காப்பில் இறங்கிவிடுகிறார், முன்னேற்றம் நடப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. இரண்டையும் வேறு வேறு நாளில் பேசச் சொன்னார்கள். ஆனால் இரண்டு முறை ஏமாந்தவரிடம் ‘சம்பளத்தை இன்னொரு நாள் பேசலாம்’ என்றால் அது நான்காவது தேதியாகத்தான் காதில் விழும். அதனால் இந்தச் சந்திப்பில் மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில் தெரிந்ததைச் சொல்லிவிடலாம்: உயர்வு ஏப்ரல் 1 முதல் கணக்கு, ஜூலைச் சம்பளத்தில் வரும், மூன்று மாத அரியர் சேர்வதால் அந்த மாதம் வரிப் பிடித்தமும் கூடுதலாகத் தெரியலாம். சந்திப்பு தாமதமானதால் பணம் குறையவில்லை என்பது பணியாளருக்கு முக்கியமான தகவல், அவர் அதைக் கேட்கக் கூச்சப்படுவார்.

அன்று மாலைக்குள் மேலாளர் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். என்ன பேசினோம், யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று ஏழெட்டு வரி. இந்த எடுத்துக்காட்டில் மூன்று பொறுப்புகள் இருந்தன: 23-ஆம் தேதிக்குள் பொறியாளர் ரீவொர்க் கணக்கை அனுப்புவது, 26-ஆம் தேதி மேலாளர் திருத்தக் கோரிக்கை கொடுப்பது, ஹெச்.ஆர். பதில் எதுவானாலும் வந்த அன்றே தெரிவிப்பது. கோரிக்கையின் நகலையும் பொறியாளருக்கு அனுப்பினார் மேலாளர். தன்னைப் பற்றி என்ன எழுதினார் என்று அவர் ஊகிக்க வேண்டியதில்லை.

30-ஆம் தேதி வந்த பதில், ரேட்டிங் மூன்றாகவே இருக்கும் என்பது. உயர்ந்த ரேட்டிங்குக்கான இடங்கள் நிரம்பிவிட்டன. ஆகஸ்ட் வேலையை அவருடைய கோப்பில் பதிவுசெய்ய மட்டும் ஹெச்.ஆர். ஒப்புக்கொண்டது, பதவி உயர்வு பரிசீலனையின்போது அது பார்க்கப்படும். மேலாளர் அன்று மாலையே அவரை அழைத்து இதைச் சொன்னார். இப்படி முடிவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால்தான், 19-ஆம் தேதியோ 22-ஆம் தேதியோ ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லிவிடக் கூடாது. கையில் இல்லாத ரேட்டிங்கை வாக்குறுதியாகக் கொடுத்திருந்தால் அது மூன்றாவது முறிவாகியிருக்கும். அதேபோல், தள்ளிப்போட்டதற்கு ஈடாக ரேட்டிங்கைக் கூட்டிக்கொடுப்பதும் ஆகாது. பக்கத்து மேசைக்காரருக்கு அது அநியாயம், வாங்கியவருக்கும் அது தன் வேலைக்குக் கிடைத்ததா, மேலாளரின் சங்கடத்துக்குக் கிடைத்ததா என்று தெரியாது.

நம்பிக்கை திரும்புகிறதா என்பது சந்திப்பு முடிந்தபோது தெரியாது. முகத்தில் சிரிப்பும் வாயில் ‘ஓகே சார்’ என்பதும் ஒன்றையும் காட்டுவதில்லை, மேலதிகாரி முன்னால் பெரும்பாலானோர் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த ஆறு எட்டு வாரத்தில் சில அடையாளங்களைப் பார்க்கலாம். முன்பு நேரில் வந்து சொன்ன பிரச்சினைகளை இப்போது எல்லோருக்கும் நகல் போட்டு மின்னஞ்சலில் மட்டும் எழுதுகிறார் என்றால், சாட்சி வைத்துக்கொள்ள நினைக்கிறார் என்று பொருள். மேலாளருடன் எந்த நேரம் குறித்தாலும் முதல் நாளே ‘நாளைக்கு உண்டுதானே சார்?’ என்று கேட்டால், தேதியின் மீது இன்னும் நம்பிக்கை வரவில்லை. கூட்டத்தில் கருத்துச் சொல்வதை நிறுத்தியிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். மாறாக, கெட்ட செய்தியை அவரே முன்வந்து சீக்கிரமாகச் சொல்கிறார், மேலாளரோடு கருத்து வேறுபடத் துணிகிறார் என்றால் உறவு பழைய இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. சிலருக்கு அது திரும்பாது. ரேட்டிங்கால் பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனவர் வேறு வேலை தேடுவதை மேலாளரின் எந்த நல்ல நடத்தையும் தடுத்துவிட முடியாமல் போகலாம்.

தேதி காப்பதில் பட்ட காயம் தேதி காப்பதால்தான் ஆறும். அதனால் மேலாளர் அடுத்த அப்ரைசல் வரை காத்திருக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரச் சந்திப்புகளைக் குறித்து அவற்றைத் தவறாமல் நடத்த வேண்டும். ஒரகடத்தில் அவை ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் இரண்டாவது வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு என்று முடிவாயின. ஒவ்வொன்றுக்கும் மாற்று நேரமும் அப்போதே குறிக்கப்பட்டது. ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தக் காலாண்டில் நடந்ததைத் தேதியோடு எழுதி இருவரும் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த மே மாதம் நார்மலைசேஷன் கூட்டத்துக்கு மேலாளர் போகும்போது, அப்ரைசல் சந்திப்பு நடந்திருந்தாலும் நடக்காவிட்டாலும், பணியாளரின் ஆண்டு அவர் கையில் இருக்கும்.